நஷ்டமே இல்லையே, அப்புறம் ஏன் 'ஹை'?

இன்டர்னல் ஆடிட்ல வேலைக்குச் சேர்ந்தவங்க நிறைய பேர் கேட்கிற ஒரு விஷயத்தை இன்னைக்குப் பார்க்கலாம். கண்டுபிடிச்சதை எப்படி எழுதுறது? அதுக்கு ஹை, மீடியம், லோ என்று எப்படித் தரம் போடுறது? ஒரே ஒரு உதாரணத்தை எடுத்து முழுசா போட்டுப் பார்ப்போம்.

ஒரு கம்பெனி. சரக்கு சப்ளை செய்கிற வெண்டர் தன்னுடைய பேங்க் அக்கவுண்ட்டை மாத்தணும்னு மெயில் அனுப்பினா, ஏற்கனவே பதிவில் இருக்கிற பழைய போன் நம்பருக்குக் கூப்பிட்டு உறுதி செய்யணும் என்பது அங்கே விதி. மெயிலில் இருக்கிற நம்பருக்குக் கூப்பிடக் கூடாது. மெயிலை அனுப்பினதே திருடனா இருக்கலாம், இல்லையா? ஆறு மாசத்துல 160 மாற்றங்கள் நடந்திருக்கு. ஆடிட்டர் 25 எடுத்துப் பார்க்கிறார். அதில் 7-க்கு போன் செய்த பதிவு இல்லை.

முதல் டிராஃப்ட் பெரும்பாலும் இப்படி வரும்: "கணக்குத் துறையினர் கவனக்குறைவாகச் செயல்பட்டு, வெண்டர்களை உறுதி செய்யாமலேயே அக்கவுண்ட்டை மாற்றியுள்ளனர்."

இதில் இரண்டு பிரச்சினை இருக்கு. 'கவனக்குறைவு' என்பது அவங்க மனசைப் பற்றின தீர்ப்பு. அதுக்கு நம்மகிட்ட ஆதாரம் கிடையாது. இரண்டாவது, 'உறுதி செய்யாமலேயே' என்கிறோம். நாம பார்த்தது பதிவு இல்லாததை மட்டும்தான். போன் செய்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கலாம். இந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு மீட்டிங் முழுக்க சண்டை ஓடும். விஷயம் அப்படியே நிற்கும்.

இப்போ திருத்தி எழுதலாம்: "ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நடந்த 160 அக்கவுண்ட் மாற்றங்களில் 25 பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் 7-இல், விதிப்படி தேவையான போன் உறுதிப்படுத்தலுக்கான பதிவு இல்லை. மாற்றத்துக்குப் பிறகு இந்த 7 அக்கவுண்ட்டுகளுக்கு ரூ.1.8 கோடி செலுத்தப்பட்டுள்ளது. மாற்றப் படிவத்தில் இந்த உறுதிப்படுத்தலைக் குறிக்க இடம் இல்லை. அது இல்லாமலேயே சிஸ்டம் மாற்றத்தை ஏற்கிறது. ஆடிட்டின்போது 7 வெண்டர்களும் தொடர்பு கொள்ளப்பட்டு, அக்கவுண்ட்டுகள் அவர்களுடையவை என உறுதி செய்யப்பட்டது."

யாரையும் திட்டலை. ஆனா எதையும் மறைக்கவும் இல்லை. கடைசி வரி நிர்வாகத்துக்குச் சாதகமான உண்மை. அதையும் எழுதினால்தான் அது நடுநிலை. இன்னொன்று, 25-ஐ ஆடிட்டரே பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தா "28 சதவீத மாற்றங்களில் குறை" என்று 160-க்கும் சேர்த்து எழுத முடியாது. '25-இல் 7', அவ்வளவுதான்.

அடுத்து தரம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சொல்வார்: "ஒரு ரூபாய்கூட போகலையே, இது லோதானே?" நியாயமான கேள்விதான். ஆனா தரம் நடந்த நஷ்டத்துக்கு மட்டும் கிடையாது. இப்படியே விட்டா எவ்வளவு போகலாம், போகிறதுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதுக்கும் சேர்த்துத்தான். கம்பெனியோட ரேட்டிங் அளவுகோலில் 50 லட்சத்துக்கு மேல் நஷ்டம் வரக்கூடியது ஹை என்று இருந்தால், இங்கே அந்தக் கோட்டைத் தாண்டியாச்சு.

உடனே ஹை போட்டுடலாமா? இல்லை. இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு: இந்தப் பூட்டு திறந்திருந்தா, பின்னாடி வேற பூட்டு இருக்கா? பேமெண்ட் அப்ரூவ் பண்றவர் திரையில் பெயரும் தொகையும் மட்டும் தெரியுது, அக்கவுண்ட் மாறினது தெரியலைன்னா, பணம் போகும்முன் தடுக்க யாரும் இல்லை. வெண்டர் "பணம் வரலை"ன்னு கூப்பிடும்போதுதான் தெரியும். அதனால ஹை. பணம் போகும்முன் வேறொருவர் புது அக்கவுண்ட்டைத் தனியா சரிபார்க்கிறார், அதுக்குப் பதிவும் இருக்குன்னா, மீடியம் ஆகலாம்.

இதை இன்னொரு கண்டுபிடிப்போட ஒப்பிட்டுப் பாருங்க. பெட்டி கேஷ் வவுச்சர் 20-இல் 18-க்குக் கையெழுத்து இல்லை. எண்ணிக்கை பயங்கரமா தெரியும். ஆனா ஒவ்வொன்றும் 2,000 ரூபாய்க்குள், மாதா மாதம் பணம் எண்ணிச் சரிபார்க்கப்படுது என்றால் அது லோதான். எத்தனை தடவை நடந்தது என்பது வாய்ப்பைக் காட்டும், பாதிப்பைக் காட்டாது.

இன்டர்னல் ஆடிட்டர்களுக்கான உலகளாவிய தரநிலைகள், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தவை, ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தச் சொல்லுது. ஹை, மீடியம், லோ என்ற பெயர்களும் கோடுகளும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால அளவுகோலை ஆடிட் தொடங்கும்போதே நிர்வாகத்துக்குக் காட்டிடுங்க. முடிவு தெரிஞ்ச பிறகு காட்டினா பேரம் மாதிரி ஆயிடும்.

ரிப்போர்ட்டை அனுப்பும்முன் ஒண்ணு செய்து பாருங்க. ரேட்டிங்கை மறைச்சுட்டு, அப்சர்வேஷனை மட்டும் அளவுகோலோட சேர்த்து சக ஆடிட்டர்கிட்ட கொடுங்க. அவரும் ஹைன்னு சொன்னா, ஆதாரம் எழுத்துல இருக்கு. மீடியம்னு சொன்னா, உங்க தலையில இருக்கிற ஏதோ ஒரு உண்மை இன்னும் பேப்பருக்கு வரலை. அல்லது தரமே தப்பு.