புடவைக் கடை குரூப்புல உங்க நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?

போன மாசம் எங்க அத்தைக்கு தெரியாத நம்பர்ல இருந்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். "மேடம், நீங்க பார்த்த அதே கோர்வைப் புடவை, எங்ககிட்ட ரெண்டாயிரம் ரூபா கம்மி." அந்தப் புடவை போட்டோவை அத்தை பார்த்தது ஒரே இடத்துலதான். பெரிய காஞ்சிபுரத்துல அவங்க வழக்கமா புடவை எடுக்கற சின்னக் கடையோட குரூப்புல. மொத்தம் 180 பேர்.

கடைக்காரர்கிட்ட கேட்டேன். "அட்மின் மட்டும்தான் தம்பி மெசேஜ் போட முடியும், வெளிய போக வாய்ப்பே இல்ல"ன்னார். அந்த செட்டிங் வாயைத்தான் மூடும், கண்ணை மூடாது. குரூப் இன்ஃபோவைத் திறந்தா 180 நம்பரும் உள்ள இருக்கற எல்லாருக்கும் தெரியும். போதாததுக்கு, சேர்ற லிங்கை அவர் ஸ்டேட்டஸ்ல வேற போட்டிருந்தார். அதைத் தட்டி யார் வேணா உள்ள வந்து, நம்பர்களை எடுத்துட்டுப் போகலாம். அத்தை கோபத்துல வெளிய வந்துட்டாங்க. ஆனா விலகினவங்க பட்டியல் 60 நாள் அங்கேயே தெரியும்!

அவருக்கு நான் சொன்னது பிராட்காஸ்ட் லிஸ்ட். ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம். நீங்க ஒரு தடவை அனுப்பினா, ஒவ்வொருத்தருக்கும் தனி மெசேஜா போகும். லிஸ்ட்ல வேற யார் இருக்காங்கன்னு வாங்கறவங்களுக்குத் தெரியாது. பதிலும் கடைக்கு மட்டும்தான் வரும்.

அப்புறம் ஏன் எல்லாரும் குரூப்பே வெச்சிருக்காங்க? காரணம் இருக்கு. உங்க நம்பரை சேவ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். இவர் அனுப்பிட்டு, மறுநாள் மெசேஜை அழுத்திப் பிடிச்சு இன்ஃபோ பார்த்தார். பாதிப் பேர் பெயரே டெலிவரி பட்டியல்ல இல்ல. முகூர்த்தப் புடவை எடுக்க ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போனவங்க கடை நம்பரை எதுக்கு சேவ் பண்ணப் போறாங்க? இப்போ பில் போடும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்கம்மா"ன்னு கேட்கறார்.

சேவ் பண்ணாதவங்களுக்கு சேனல் இருக்கு, இந்தியாவுல 2023 செப்டம்பர்ல வந்தது. ஃபாலோ பண்றவங்க நம்பர் மத்த ஃபாலோயர்களுக்குத் தெரியாது. நடத்தறவர் நம்பரும் தெரியாது, அதனால ஆர்டர் நம்பரை போஸ்ட்லயே எழுதணும். பேரம் பேச அது சரிப்படாது.

வாங்கறவங்களுக்கு ஒண்ணு. `Settings > Privacy > Groups`ல `My contacts` வெச்சா, தெரியாதவங்க உங்களை நேரா குரூப்புல சேர்க்க முடியாது. ஆனா பிராட்காஸ்ட் வரணும்னு கடை நம்பரை சேவ் பண்ணிட்டீங்கன்னா, இப்போ கடையும் உங்க கான்டாக்ட்! நாளைக்கே அவர் இன்னொரு குரூப் ஆரம்பிச்சு உங்களை உள்ள போடலாம். அதனால `My contacts except...` எடுத்து, கடை நம்பர்களை டிக் பண்ணிடுங்க. அத்தை போன்ல நேத்துதான் அதை மாத்தினேன்.