ஏறினாலும் ஏறாத நாடி
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சீனி வருத்தம் என்றால் காலில் புண் ஆறாது, கண் மங்கும், கிட்னி பழுதாகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இன்று நாங்கள் பேச வந்தது அதிகம் பேசப்படாத இன்னொன்று. பல வருஷச் சீனி இதயத்துக்குப் போகும் நரம்புகளை அரித்துவிட்டால், நாடி ஏறக்குறைய ஒரே எண்ணில் நின்றுவிடும். படுத்திருந்தாலும் அதே எண். எழுந்து நின்றாலும் அதே எண். கொழுந்துச் சாக்கைச் சுமந்து மலை ஏறினாலும் அதே எண். இப்படிப்பட்ட ஆள் பாதி மலையில் நின்றால், "வேலைக்குக் கள்ளம்" என்று சொல்லி அரைப்பேர் போடுகிறார்கள். அதனால்தான் இது சங்கம் பேச வேண்டிய விஷயம்.

முதலில் நாடி எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம். இதயம் நரம்பு இல்லாமலும் தானாகவே துடிக்கும். அப்படி விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கும். ஆனால் மூளையிலிருந்து வேகஸ் என்ற நரம்பு இறங்கி வந்து கடிவாளம் போல அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் சும்மா இருக்கும்போது நம் நாடி 70 அளவில் நிற்கிறது. நாம் எழுந்து நின்றவுடன் அந்தக் கடிவாளம் தளர்கிறது, சில வினாடிக்குள் நாடி ஏறுகிறது. மலை ஏறும்போது துரத்துகிற வேறு நரம்புகளும் சேர்ந்து இன்னும் ஏற்றுகின்றன. உழைக்கிற தசைக்கு ரத்தம் போவது இப்படித்தான்.

சீனி, நீளமான நரம்புகளை முதலில் கெடுக்கும். பாதம் முதலில் எரிவதும் மரப்பதும் அதனால்தான். வேகஸ் கழுத்து, நெஞ்சு வழியாக வயிறு வரை ஓடுகிற நீண்ட நரம்பு. ஆகவே அதுவும் முன்னதாகவே கெடுகிறது. கடிவாளம் போனதும் சும்மா இருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடும். பிறகு துரத்துகிற நரம்பும் கெட்டுவிட்டால் அதற்கு மேலே ஏறவும் முடியாது. கடிவாளமும் இல்லை, சாட்டையும் இல்லை. குதிரை ஒரே ஓட்டத்தில் ஓடுகிறது.

ஒருவருடைய கணக்கைச் சொல்கிறோம். அவர் கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா. வயது 52, சீனி வந்து 14 வருஷம். காலையில் எழும்பினால் கண் இருட்டுகிறது, மலையில் இருபது அடி ஏறினால் கால் துவளுகிறது என்றார். படுக்க வைத்து ஐந்து நிமிடம் கழித்து எண்ணினோம்: நாடி 98. நிற்க வைத்தபோது 100. மெதுவாகக் கொஞ்ச தூரம் ஏறி வந்தபின் 102. அதே நிரையில் வேலை செய்யும், சீனி இல்லாத இன்னோர் அக்காவுக்கு இதே மூன்று எண்ணும் 72, 88, 116. வித்தியாசம் உங்களுக்கே தெரியும். ஒருவருடைய இதயம் ஏற்றத்துக்குப் பதில் சொல்கிறது, மற்றவருடைய இதயம் சொல்லவில்லை.

டிஸ்பென்சரியில் பிரஷரும் பார்த்தார்கள். படுத்திருந்தபோது மேல் எண் 146. எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 112. நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அது கவனிக்க வேண்டிய விழுச்சி. இவருக்கு 34 விழுந்தது. சாதாரணமாகப் பிரஷர் இப்படி விழும்போது நாடி பாய்ந்து ஏறி ஈடுகட்டப் பார்க்கும். இவருக்கு அது இரண்டே இரண்டு ஏறியது. கண் இருட்டியதற்குக் காரணம் அங்கேதான் இருந்தது.

ஆனாலும் உடனே நரம்பு என்று முடிவு கட்டக்கூடாது. ரத்தக் குறைவு, காய்ச்சல், தைரோயிட் எல்லாவற்றிலும் சும்மா இருக்கும்போதே நாடி வேகமாக இருக்கும். ஆனால் அவற்றில் எழுந்து நின்றால், நடந்தால் நாடி இன்னும் ஏறும். அட்டெனோலோல் போன்ற பிரஷர் மாத்திரை குடிப்பவர்களுக்கும் நாடி அதிகம் ஏறாது. ஆனால் அவர்களுடைய நாடி 55, 60 என்று கீழே நிற்கும். வேகமாகவும் இருக்கிறது, ஏறவும் மறுக்கிறது என்றால்தான் நம் சந்தேகம் பலப்படுகிறது.

இதை உறுதி செய்வது ஆஸ்பத்திரியில். 1970களில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் டேவிட் ஈவிங் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் இதற்கு எளிய சோதனைகளை ஒழுங்குபடுத்தினார்கள். ஒன்று, மூச்சுச் சோதனை. ஐந்து வினாடி மூச்சை இழுத்து, ஐந்து வினாடி விட வேண்டும், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இழுக்கும்போது நாடி ஏறும், விடும்போது இறங்கும். ஈசிஜியில் அந்த ஏற்ற இறக்கம் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது, 10க்குக் கீழே என்றால் பழுது. வயது கூடக்கூட அது தானாகவும் குறையும் என்பதால் டொக்டர் வயதையும் சேர்த்துப் பார்ப்பார். அந்த அக்காவுக்கு வித்தியாசம் 4. ரத்தம், தைரோயிட் இரண்டும் சரியாக இருந்தன.

தோழர்களே, இதில் பெரிய ஆபத்து மயக்கம் அல்ல. இதயத்தின் நோவைச் சொல்கிற நரம்பும் சேர்ந்தே கெடலாம். அப்போது மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு நோகாது. திடீரென மூச்சு வாங்கும், குளிர்ந்து வியர்க்கும், வாந்தி வரும், ஆள் சோர்ந்து விழுவார். "நெஞ்சு நோகவில்லைதானே, வாயுவாக இருக்கும்" என்று சோடா கொடுத்து லயத்தில் படுக்க வைக்காதீர்கள். நீண்ட நாள் சீனி உள்ளவருக்கு இப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, ஒப்பரேஷன் எதுவானாலும் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் "நாடி ஏறாது, நின்றால் பிரஷர் விழும்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மயக்கத்தில் இவர்களுடைய பிரஷர் சட்டென்று விழலாம்.

கெட்ட நரம்பு பெரும்பாலும் பழையபடி ஆவதில்லை. சீனியை ஆரம்பத்திலிருந்தே கட்டுப்பாட்டில் வைத்தால் கெடுவது தாமதிக்கும். கெட்டபின் வாழும் முறையை மாற்ற வேண்டும். படுக்கையிலிருந்து நேரே எழும்பாமல், ஓரத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு நிற்க வேண்டும். சுடுதண்ணீர்க் குளியலுக்குப் பிறகும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பிரஷர் விழும் என்பதால் அப்போது கூடுதல் கவனம் தேவை. வேலையின் பாரத்தை நாடியை வைத்து அளக்கக் கூடாது, ஏனெனில் அது பொய் சொல்லும். ஏறும்போது பக்கத்தில் வருகிறவரோடு ஒரு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நின்றுவிட வேண்டும். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நிற்கும்போது எடுத்த எண்ணை டொக்டரிடம் காட்டினால் மருந்தை அவர் மாற்றுவார். அந்த அக்காவுக்கும் அப்படியே ஒரு மருந்தை மாற்றினார்கள். நாடி இன்றும் 98தான், ஆனால் கண் இருட்டுவது குறைந்துவிட்டது. கிளினிக் கடிதத்தைக் காட்டிப் பேசியபின், மேட்டு மலைக்குப் பதிலாகச் சமதரையில் நிரை கொடுத்திருக்கிறார்கள்.

தலைவர்மார், தலைவிமாரிடம் ஒன்று கேட்கிறோம். பத்து வருஷத்துக்கு மேல் சீனி உள்ளவர்களின் பெயரை எழுதுங்கள். அடுத்த கிளினிக் நாளில் படுக்க வைத்து ஒரு தரம், நிற்க வைத்து ஒரு தரம், பிரஷரும் நாடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரஷர் மெஷினும் ஐந்தாறு நிமிடமும் இருந்தால் போதும். இரண்டு எண்ணையும் கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். ஏற்றத்தில் நிற்கிற ஆளுக்காகக் கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் பேசும்போது, அந்த இரண்டு எண்ணும் நம் கையில் இருக்க வேண்டும்.