நிலைவாசலும் பெயர்ப்பலகையும்

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம்மவர் பலரும் ஊரை விட்டு நகரங்களில் வீடு கட்டிக் குடியேறி வருகின்றனர். மனை வாங்குவது முதல் வண்ணம் பூசுவது வரை ஒவ்வொன்றையும் பலமுறை எண்ணிச் செய்பவர்கள், வீட்டுக்குப் பெயர் வைப்பதை மட்டும் புதுமனை புகுவிழாவுக்கு நான்கு நாள் முன்னர் அவசரமாக முடிக்கின்றனர். அப்படி முடிக்காமல், ஒரு வாரம் நின்று யோசித்த ஒரு குடும்பத்தின் கதையே இன்றைய பேச்சின் பொருள்.

செஞ்சி வட்டத்தில் மேல்சித்தாமூருக்கு அருகில் உள்ள சிற்றூர் ஒன்று அக்குடும்பத்தின் பூர்வீகம். பிள்ளைகள் பிழைப்பின்பொருட்டு வெளியேறிவிட, ஓட்டு வீடு பழுதுபட்டது. இறுதியில் அதை விற்றார்கள். வாங்கியவர் வீட்டை இடித்தபோது பாட்டனார் கேட்டுப் பெற்றது ஒன்றே ஒன்று. அது நிலைவாசலின் மேற்கட்டை. அதில் 'ஸ்ரீ பார்சுவநாதர் துணை' என்று செதுக்கப்பட்டிருந்தது. மேல்சித்தாமூர்ப் பெருங்கோயிலின் மூலவர் பார்சுவநாதர் அல்லவா? தலைமுறைதோறும் அவர் பெயரைக் கண்டே அக்குடும்பத்தார் வீட்டினுள் நுழைந்தனர்.

மகன் திண்டிவனத்தில் ஒரு தெருமுனை மனையில் வீடு கட்டி முடித்தார். பெயர்ப்பலகைக்குக் கருங்கல் பலகையும் வாங்கியாயிற்று. என்ன பெயர் என்று கேட்டபோது வீட்டில் மூன்று விடைகள் எழுந்தன.

பாட்டனார், "பார்சுவநாத நிலையம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார். மகன், "ஜினாலயம் என்று வைக்கலாம், அப்பா. சிறியது, நம் சமயமும் விளங்கும்" என்றார். தமிழ் இலக்கியம் பயிலும் பேத்தியோ, "பிண்டி நிழல் என்று வைப்போம், தாத்தா" என்றாள். அருகன் வீற்றிருக்கும் அசோக மரத்துக்குத் தமிழ் இலக்கியம் வழங்கும் பெயர் பிண்டி.

ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒப்பவில்லை. அப்போது மருமகள் ஒரு வழி சொன்னார். "மாமா, ஒவ்வொரு பெயரையும் தாளில் பெரிதாக எழுதி வெளிக்கதவில் ஒட்டுவோம். வருகிறவர்களைப் படிக்கச் சொல்வோம். அவர்கள் வாயில் என்ன வருகிறது என்று பார்ப்போம்" என்றார். இச்சிறு யோசனைதான் அக்குடும்பத்தைக் காப்பாற்றியது.

முதலில் 'பார்சுவநாத நிலையம்' என்ற தாள் ஏறியது. அஞ்சல்காரர் 'பார்ஸ்வ' என்றார். எரிவாயு உருளை கொண்டுவந்தவர் 'பார்ஷ்வ' என்றார். பள்ளிச் சிறுவன் ஒருவன் 'பார்சல் நிலையம்' என்று படித்துவிட்டு ஓடினான். பாட்டனாரின் முகம் வாடியது.

இதில் படித்தவர்களின் குற்றம் ஏதும் இல்லை. வடசொல்லில் உள்ள ஒலி தமிழில் இல்லாதபோது அது எந்த எழுத்தாக மாற வேண்டும் என்பதற்கு நன்னூல் விதி வகுத்துள்ளது. அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்துச் சான்றோரே. அவ்விதிப்படி ரகர ஒற்றும் சகரமும் வகரமும் நெருங்கி நிற்கும் இடத்தில் ஓர் உகரம் புகுந்து, 'பார்சுவ' என்று சொல் நெகிழ்கிறது. கோயிலில் அன்றாடம் சொல்லும் நமக்கு அது இயல்பாக வருகிறது. கேளாத காதுக்கு வருவதில்லை. ஆங்கில எழுத்தில் எழுதினாலோ தொல்லை பெருகும். ஒரு தாளில் 'எஸ்' மட்டும் இருக்கும், மற்றொன்றில் 'எஸ்ஹெச்' இருக்கும், சிலர் 'வி' எழுதுவர், சிலர் 'டபிள்யூ' எழுதுவர். வீட்டின் முகவரியில் பெயரையும் சேர்த்து எழுதத் தொடங்கிவிட்டால், ஒரே வீடு மூன்று ஆவணங்களில் மூன்று பெயரோடு நிற்கும்.

அடுத்து 'ஜினாலயம்'. படிப்பதில் எவருக்கும் இடர் இல்லை. ஆனால் இரண்டாம் நாளே வழிப்போக்கர் ஒருவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டு, "கோயில் நடை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டார். ஜினாலயம் என்பது ஜினர் எழுந்தருளியுள்ள கோயிலின் பெயர். சமையலும் உறக்கமும் சச்சரவும் நிகழும் இல்லத்துக்கு அது பொருந்தாது. கிரந்த எழுத்தைத் தவிர்த்துத் தமிழ் மரபில் 'சினாலயம்' என்று எழுதினால், சினத்துக்குக் கட்டிய ஆலயம் என்று ஆகிவிடும். நான்கு கசாயங்களுள் முதலில் வைத்து எண்ணப்படும் கோபத்தை வாயிற்கதவில் எழுதலாமா என்று பேத்தி கேட்டாள். மகன் சிரித்துக்கொண்டே தாளைக் கிழித்தார். விடாமல், "அப்படியானால் அறமனை?" என்றார். அதைக் கேட்ட தச்சர், "அரண்மனையா ஐயா?" என்றார். இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்களுள் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. நிலமும் வீடும் அவ்விரதத்தில் எல்லை கட்ட வேண்டிய பொருள்களின் வரிசையில் முதலில் நிற்பவை. இரண்டு படுக்கை அறை கொண்ட வீட்டை ஊரார் அரண்மனை என்று அழைக்கும்படி விடுவது நகைப்புக்கும் இடம், விரதத்துக்கும் முரண்.

மூன்றாவது 'பிண்டி நிழல்'. சொல் அழகியது, இலக்கியப் பழமை உடையது. ஆனால் வாசலில் நின்ற மூதாட்டி ஒருவர், "புது வீட்டுக்கு ஏம்மா பிண்டம்னு பேர்?" என்று பதறினார். பிண்டி என்ற சொல் பேச்சுவழக்கில் மறைந்துவிட்டது. பிண்டம் என்ற சொல்லோ இறந்தவர்க்கு வைக்கும் சோற்றுருண்டையாக எல்லார் காதிலும் வாழ்கிறது. படிப்பவர் தமக்குத் தெரிந்த சொல்லைத்தான் காண்பர். பேத்தி வருந்தினாள். ஆயினும் அவள் இதிலிருந்து ஒன்று கற்றாள். 'நிழல்' என்ற சொல்லைச் சிலர் 'நிளல்' என்றே ஒலித்தனர், ஆனால் பொருள் எவருக்கும் கெடவில்லை. பொருளைக் கெடுக்காத ஒலிப்பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். வேறு பொருளைக் கொண்டுவந்து நிறுத்தும் ஒலிப்பிழையைத்தான் அஞ்ச வேண்டும்.

இனித் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தெருவில் 'அன்னை இல்லம்' என்ற பெயரில் இரண்டு வீடுகள் உள்ளன. ஒன்றுக்கு வரும் பொட்டலம் மற்றொன்றுக்குப் போவது வாடிக்கை. அடுத்த வீடு 'நூர் இல்லம்'. எதிர் வரிசையில் ஒரு 'பெத்தேல்'. 'அன்பு இல்லம்' என்று ஒன்றும் உண்டு. அதன் உரிமையாளர் சொற்களைச் சேர்த்து 'அன்பில்லம்' என்று எழுதிவிட்டதால், அது 'அன்பில்லாத வீடு' என்ற கேலிக்கு ஆளாயிற்று. 'இல்லம்' என்று முடியும் பெயரில் இடைவெளி விடாவிட்டால் 'இல்லை' என்பதன் சாயல் வந்து ஒட்டிக்கொள்ளும். அத்தெருவின் பெயர்கள் யாவும் குறுகியவை. ஒவ்வொன்றும் அவரவர் நம்பிக்கையை ஒரு சொல்லில் அடக்கமாகச் சொல்கிறது. அவற்றிடையே 'ஸ்ரீ' தொடங்கி 'நிலையம்' வரை நீளும் பெயர் உரத்த குரலாக ஒலிக்கும்.

ஐந்தாம் நாள் மாலை, பேத்தி வீட்டிலிருந்த பார்சுவநாதர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரவின் படத்துக்கு மேலே மூன்று அடுக்காகக் கவிந்திருந்தது முக்குடை. "தாத்தா, முக்குடை என்று வைத்தால் என்ன?" என்றாள்.

பாட்டனார் உடனே இசையவில்லை. "முக்குடை பெருமானுக்கு உரியது. அதை வீட்டுக்கு உரிமையாக்கலாமா, அம்மா?" என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானது. அவள் சற்று எண்ணி, "அப்படியானால் முக்குடை நிழல். குடை அவருடையது, நிழல்தான் நமக்கு" என்றாள். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒட்டிப் பார்" என்றார்.

தாள் ஏறியது. அஞ்சல்காரர் தடையின்றிப் படித்தார். சிறுவனும் படித்தான். தச்சர் மட்டும், "குடை பழுது பார்க்கும் இடம் என்று யாராவது வரப்போகிறார்கள்" என்று வேடிக்கை பேசினார். வியப்பு என்னவெனில், தெருமுனையில் இருந்ததால் அவ்வீட்டைக் கட்டும்போதே எல்லாரும் 'முக்கு வீடு' என்று அழைத்துவந்தனர். ஆட்டோ ஓட்டுநர், "முக்கு வீட்டுக்கு முக்குடை, மறக்காது" என்றார். தெரு தானாக வைத்த பெயரும் குடும்பம் தேடி எடுத்த பெயரும் ஓரிடத்தில் வந்து பொருந்தின. இரண்டே நாளில் 'நிழல்' உதிர்ந்து, 'முக்குடை' மட்டுமே வழங்கலாயிற்று. ஊர் வாய் எப்போதும் முதற்சொல்லையே பற்றிக்கொள்ளும். ஆதலால் முதற்சொல் தனியே நின்றாலும் பிழைபடாததாக இருக்க வேண்டும்.

கல்லில் வெட்டும் முன் இன்னொரு சோதனையும் செய்தார்கள். எழுத்தின் உயரம் இரண்டு அங்குலம் என்று கொண்டு, தெருவின் எதிர்ப்புறத்தில் நின்றும் வண்டியில் மெல்லச் சென்றும் படித்துப் பார்த்தார்கள். ககர ஒற்றின் புள்ளியை ஆழமாக வெட்டும்படி கல் எழுத்தரிடம் சொன்னார்கள். புள்ளி ஆழமின்றி இருந்தால் வண்ணம் உதிர்ந்து தூசி அடைத்து 'முககுடை' ஆகிவிடும். தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்து, வெட்டுமுன் சுண்ணக்கட்டியால் வரைந்ததை ஒரு முறை சரிபார்த்தார்கள்.

பார்சுவநாதர் பெயர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மேற்கட்டையைத் துடைத்து எண்ணெய் பூசி, புதிய வீட்டின் உள்வாசலுக்கு மேலே பொருத்தினார்கள். பேத்தி அதைப் படிக்க முயன்று, 'துணை' என்ற சொல்லில் தடுமாறினாள். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் வெட்டப்பட்ட கட்டை ஆதலால், அதிலிருந்த ணகர ஐகாரம் பழைய துதிக்கை வடிவில் இருந்தது. பாட்டனார் அவள் விரலைப் பிடித்து, அவ்வெழுத்தின் வளைவின்மேல் வைத்து ஓட்டிக் காட்டினார். "இதை மாற்றி வெட்ட வேண்டாம். நீ படிக்கக் கற்றுக்கொள்" என்றார்.

அவையோரே, நம் முன்னோர் வீடுகளில் இரண்டு எழுத்துகளும் ஒன்றாக இருந்தன. அன்று தெருவில் நடந்தவர் எல்லாரும் நம்மை அறிந்தவர். எனவே நிலைவாசல் எழுத்தே போதுமானதாயிற்று. இன்று வீட்டைத் தேடி வருபவர் நம்மை அறியாதவர். வாசலுக்கு வெளியே உள்ள பெயர் அவருக்கு உரியது. அவர் நாவில் பிழையின்றி வர வேண்டும், தெருவோடு இசைய வேண்டும். வாசலுக்கு உள்ளே உள்ள பெயர் நமக்கு உரியது. அதை நாம் எளிதாக்க வேண்டியதில்லை, நம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். இரண்டையும் ஒரே பலகையில் திணிக்க முயன்றதால்தான் அவ்வீட்டில் ஐந்து நாள் வழக்கு நடந்தது.

தமிழில் வீடு என்ற சொல்லுக்கு இல்லம் என்றும் பொருள், விடுதலை என்றும் பொருள். முதல் வீட்டுக்குப் பெயர்ப்பலகை வேண்டும். இரண்டாவது வீட்டை அடைந்தவர்க்குப் பெயரே தேவையில்லை. அது வரையில் முக்குடை நிழலில் இருப்போம்.

அறம் வளர்க.