ஒன்றரை மடங்கின் உள்ளே: ஒரு நிட்டிங் யூனிட்டின் கடன் மனு

வங்கிக் கிளைகளுக்கு வரும் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். தொழில் வேறு, ஊர் வேறு, ஆடிட்டர் வேறு. ஆனால் கடைசிப் பக்கத்தில் இருக்கும் டி.எஸ்.சி.ஆர். மட்டும் 1.52, 1.54, 1.58 என்று ஒன்றரையைத் தொட்டுக்கொண்டே நிற்கும். மர்மம் ஒன்றுமில்லை. இயந்திரம் வாங்கத் தரும் தவணைக் கடனுக்குச் சராசரியாக ஒன்றரை மடங்கு வேண்டும் என்பது பல வங்கிகளின் வழக்கம். அது ஆடிட்டருக்கும் தெரியும். விடையை முதலில் எழுதிவிட்டு, கணக்கைப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வருகிறார்.

ஆகவே கடன் அதிகாரியின் வேலை அந்த எண்ணைப் பார்ப்பதில் முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த எண்ணை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, பழைய வங்கிக்காரர்கள் சொல்லும் ஐந்து 'சி'க்கள் அதற்கு எப்படி உதவும் என்பதை ஒரே ஒரு மனுவை வைத்துக்கொண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு பார்க்கிறது. மனு கற்பனையானது. எண்களும் புரிவதற்காக வட்டமாக அமைத்தவை. ஆனால் இப்படிப்பட்ட மனு திருப்பூர்க் கிளைகளுக்குப் புதியதல்ல.

மனுதாரர் ஜாப் ஒர்க் செய்யும் நிட்டிங் யூனிட் உரிமையாளர். பார்ட்டிகள் நூல் கொடுப்பார்கள். அவர் துணியாக ஓட்டி, ரோல் போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். தனிநபர் நிறுவனம். புதிதாக நான்கு வட்டப் பின்னல் இயந்திரங்கள் வாங்க வேண்டும். மொத்தச் செலவு 1 கோடியே 10 லட்சம். கையில் 30 லட்சம் இருக்கிறது என்கிறார். வங்கியிடம் கேட்பது 80 லட்சம். 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளில் அடைப்பதாகத் திட்டம்.

டி.எஸ்.சி.ஆர். என்பது எளிய வகுத்தல்தான். வரி போக நின்ற லாபம், தேய்மானம், தவணைக் கடனின் வட்டி மூன்றையும் கூட்டினால், கடன் அடைக்கக் கிடைக்கும் பணம் வரும். அதை அந்த ஆண்டு கட்ட வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். தேய்மானத்தை ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அது கணக்கில் எழுதும் செலவு. கையை விட்டுப் போகும் பணம் அல்ல. வட்டியைத் திரும்பக் கூட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. லாபம் காணும்போதே அதைக் கழித்தாகிவிட்டது. கீழே அசலோடு மறுபடியும் வருகிறது. இருமுறை கழியக் கூடாது.

ரிப்போர்ட்டின் முதல் ஆண்டில் லாபம் 12 லட்சம், தேய்மானம் 11 லட்சம், வட்டி 8 லட்சம். ஆக 31 லட்சம். கட்ட வேண்டியது அசல் 16 லட்சமும் வட்டி 8 லட்சமும் சேர்த்து 24 லட்சம். விகிதம் 1.29. ஆண்டுத் தொடக்க நிலுவையின் மேல் வட்டி போட்டால், ஐந்தாம் ஆண்டில் கட்ட வேண்டியது 17.6 லட்சமாக இறங்குகிறது, விகிதம் 1.80 ஆக ஏறுகிறது. ஐந்தாண்டுகளின் மொத்தத்தை வகுத்தால் 160-க்கு 104, அதாவது 1.54. சராசரி தேறிவிட்டது.

சராசரியின் வில்லங்கமே இங்குதான். ஐந்தாம் ஆண்டின் செழிப்பைக் கொண்டுவந்து முதல் ஆண்டின் தவணையைக் கட்ட முடியாது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். பிந்தைய ஆண்டுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் காரியம் கெட்டுவிடும். எனவே பார்க்க வேண்டியது மிக மெலிந்த ஆண்டை. இங்கே அது முதல் ஆண்டு.

அந்த 31 லட்சத்தை அதிகாரி உரித்துப் பார்க்கிறார். தனிநபர் நிறுவனத்தில் முதலாளிக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வீட்டுச் செலவும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் லாபத்திலிருந்துதான் போகின்றன. முந்தைய ஆண்டுகளின் மூலதனக் கணக்கைப் பார்த்தால் மாதம் 50,000 ரூபாய் வீதம் எடுத்திருக்கிறார். ஆண்டுக்கு 6 லட்சம். ரிப்போர்ட் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கழித்தால் 25 லட்சம், விகிதம் 1.04. சராசரியும் 1.25-க்கு இறங்கிவிடுகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. புது இயந்திரங்களால் மாதம் 5 லட்சம் ரூபாய் கூலி கூடுதலாக வரும் என்கிறது ரிப்போர்ட். வரும்தான், பில்லாக. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி அடுத்த ஆர்டரை இழக்க எந்த நிட்டிங்காரரும் துணிவதில்லை. இந்த யூனிட்டின் பழைய பில்கள் சராசரியாக 60 நாளில் வசூலாகியிருக்கின்றன. அப்படியானால் புது வேலையின் 10 லட்சம் எப்போதும் வெளியிலேயே நிற்கும். லாபக் கணக்கில் அது வந்த பணம். வங்கிக் கணக்கில் வராத பணம். முதல் ஆண்டில் கைக்கு மிஞ்சுவது 15 லட்சம், கட்ட வேண்டியது 24 லட்சம்.

ஒன்றரை மடங்கு என்று வந்த மனுவில் 9 லட்சம் துண்டு விழுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. சூத்திரம் கேட்காததை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மனுவைத் திருப்பி அனுப்பினால் அது சோம்பேறித்தனம். கேள்விகளை மாற்ற வேண்டும். குணம், திறன், சொந்த முதல், ஈடு, சூழல் என்ற ஐந்தையும் படிவத்தில் டிக் அடிக்கும் கட்டங்களாக நடத்தும் வழக்கம் பரவியிருக்கிறது. உண்மையில் அவை அந்த 31 லட்சத்தை எவ்வளவு நம்பலாம், நம்பியது வராமல் போனால் என்ன செய்யலாம் என்ற விசாரணை. திறனைத்தான் இதுவரை பார்த்தோம்.

குணத்தைப் பற்றிப் பேசும்போது அமெரிக்க வங்கியாளர் ஜே.பி. மார்கன் 1912-ல் நாடாளுமன்றக் குழு முன் அளித்த சாட்சியத்தை எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்வார்கள். கடனுக்கு அடிப்படை பணமா சொத்தா என்று கேட்டபோது, அவற்றுக்கெல்லாம் முன்னால் வருவது குணம் என்று அவர் பதில் சொன்னார். இன்று அந்த இடத்தில் 300-லிருந்து 900 வரை போகும் சிபில் எண் உட்கார்ந்திருக்கிறது. அது வங்கிக் கடனில் நடந்ததை மட்டும் சொல்லும். ஜாப் ஒர்க்காரரிடம் வேறொரு சாட்சி இருக்கிறது. அவர் ஓட்டுவது அடுத்தவர் நூல். வந்த நூலின் எடைக்கும் போன துணியின் எடைக்கும் இடையே எவ்வளவு கழிவு காட்டுகிறார், எடை குறைந்தால் கூலியில் பிடித்தம் விழுகிறதா என்று நான்கு பார்ட்டிகளிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். அதோடு பன்னிரண்டு மாத மின் கட்டண ரசீதுகள். ஓடிய யூனிட்டுகளுக்கும் பில் போட்ட கிலோவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதையும், கெடு தேதிக்குள் கட்டும் ஆளா என்பதையும் ஒரே காகிதம் சொல்லும். நம் மனுதாரர் இதில் நன்றாகவே தேறுகிறார். இரண்டு ஆண்டுகளில் ஒரு செக் கூடத் திரும்பவில்லை.

சொந்த முதலில்தான் சிக்கல். 30 லட்சத்தில் 10 லட்சம் மைத்துனரிடம் வாங்கியது. "கைமாத்துதானுங்க, வட்டியெல்லாம் கிடையாதுங்க" என்கிறார். இருக்கலாம். இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் சத்தமில்லாமல் வெளியே போகும். மைத்துனர் திடீரென்று பணத்தைக் கேட்டால் அது தவணைக்கு முன்னால் போய்விடும். வங்கிக் கடன் முடியும்வரை இந்தப் பணத்தை எடுக்க மாட்டோம், வட்டியும் வாங்க மாட்டோம் என்று இருவரிடமும் எழுதி வாங்க வேண்டும். எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

ஈடாக அவர் காட்டுவது பல்லடம் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம். சந்தை மதிப்பு கடனைவிடப் பல மடங்கு. ஆனாலும் அதில் பாதுகாப்பு குறைவு. நீதிமன்றம் போகாமலேயே சொத்தைக் கையகப்படுத்த வங்கிக்கு வழிசெய்யும் 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. தோட்டத்தைவிட, 2000-ல் மத்திய அரசும் சிட்பியும் சேர்ந்து அமைத்த கடன் உத்தரவாத அறக்கட்டளையின் காப்பு இந்தக் கடனுக்கு ஏற்றது. அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. அதையும் செலவில் சேர்க்க வேண்டும். ஈடு எவ்வளவு பெரிதானாலும் டி.எஸ்.சி.ஆர். ஒரு புள்ளி கூட ஏறாது என்பதை ஒவ்வொரு கிளையிலும் எழுதி ஒட்டலாம்.

சூழலைத் திருப்பூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நிட்டிங்காரர்கள் நொய்யலில் ஒரு சொட்டுச் சாயத்தையும் விட்டவர்கள் அல்ல. ஆனால் துணிக்குச் சாயம் போட இடமில்லாதபோது துணி ஓட்டி யாருக்கு என்ன பயன்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோதும் அடி முதலில் ஏற்றுமதியாளருக்கு, பிறகு அவருக்கு ஓட்டித் தருபவருக்கு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இவருடைய பார்ட்டிகள் யாருக்கு அனுப்புகிறார்கள் என்பது. பாதிக்கு மேல் உள்நாட்டு பனியன், டி-ஷர்ட் என்று ஜிஎஸ்டி பில்கள் காட்டுகின்றன. ஆறுதல்தான். இருந்தும் ஒரு சோதனைக் கணக்கு வேண்டும். மொத்தக் கூலி வரவு 1 கோடியே 40 லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 14 லட்சம் போகும். மின்சாரம், ஊசி, ஆள் கூலி குறைவதால் அதில் பாதி மிச்சமாகும். கையில் 7 லட்சம் குறையும்.

இவ்வளவுக்கும் பிறகு கடனின் உருவத்தை மாற்றிப் பார்க்கிறார் அதிகாரி. இரண்டாவது கொட்டேஷன் வாங்கியதில் விலை 2 லட்சம் குறைந்தது. கடன் 78 லட்சம். முதல் ஆறு மாதம் வட்டி மட்டும், அடுத்த ஆறு மாதம் மாதம் 1 லட்சம் அசல், பிறகு ஆறு ஆண்டுகள் ஆண்டுக்கு 12 லட்சம். முதல் ஆண்டில் கட்ட வேண்டியது 24-லிருந்து 13.8 லட்சமாகிறது. வெளியில் நிற்கும் 10 லட்சத்தைக் கழித்த பிறகும் விகிதம் 1.09. இரண்டாம் ஆண்டில், வீட்டுச் செலவு போக, 26.4-க்கு 19.2, அதாவது 1.38. அந்த ஆண்டில் ஆர்டர் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் 1.01-ல் தப்பிக்கிறது, பழைய திட்டத்தில் அது 0.87 ஆகியிருக்கும்.

இதற்கு விலை உண்டு. மொத்த வட்டி 24 லட்சத்திலிருந்து 33 லட்சமாகிறது. உரிமையாளருக்கு இது பிடிக்காது. "சீக்கிரம் முடிச்சுரலாமுங்க" என்பார். சீக்கிரம் முடிக்க முடிந்தால் முன்கூட்டியே கட்டிக்கொள்ளலாம் என்று விளக்க வேண்டியிருக்கும்.

கூடவே, பில்களின் மேல் 6 லட்சம் ஓவர்டிராப்ட். அதற்கு மாதாமாதம் கடனாளிகள் பட்டியல் வர வேண்டும். 90 நாள் தாண்டிய பில்கள் கணக்கில் சேராது. அந்தப் பட்டியலில் ஒரே பார்ட்டியின் பெயரில் தொகை ஏறிக்கொண்டே போகிறதா, 60 நாள் 75 ஆகிறதா என்பதை அதிகாரி பார்க்க வேண்டும். தவணை தவறுவதற்குச் சில மாதங்கள் முன்னாலேயே அது அங்கே தெரிந்துவிடும்.