அவசரக் கூட்டமும் அதன் கூட்டக்குறிப்பும்: அறிவித்தல் காலத்தை விட்டுக்கொடுப்பது எவ்வாறு?

(அட்லிஸ்வில், சூரிச் மாநிலம். உரையின் எழுத்து வடிவம்)



சுவிஸ் நாட்டில் தமிழர் நடத்தும் பாடசாலைகள், கலைமன்றங்கள், விளையாட்டுக் கழகங்கள் ஆகியவற்றிற் பெரும்பாலானவை சட்டத்தின் கண்களில் ஒரே வகையைச் சேர்ந்தவை. இளையோர் 'ஃபெராயின்' என்று அறிந்திருக்கும் சங்கம் அது. சுவிஸ் குடியியற் சட்டக்கோவையின் 60 முதல் 79 வரையான உறுப்புரைகள் அதனை ஆளுகின்றன. இவ்வுறுப்புரைகள் பொதுச்சபை பற்றிப் பலவற்றைக் கூறுகின்றன. நிர்வாகசபைக் கூட்டத்திற்கு எத்தனை நாள் முன்னதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதை அவை கூறவில்லை. அதனைச் சங்கத்தின் யாப்பே வகுக்க வேண்டும். ஏழு நாள், பத்து நாள் என்று யாப்பு எழுதிவிட்டால், அந்த நாட்கள் ஒவ்வொரு நிர்வாகசபை உறுப்பினருக்கும் உரிய உரிமையாகிவிடுகின்றன. அவ்வுரிமையைத் தலைவர் தாமாகக் குறைத்துவிட இயலாது. உரிமைக்குரியவரே அதனை விட்டுக்கொடுக்கலாம்.

ஏழு நாள் காத்திருக்க முடியாத வேளைகள் வருவதுண்டு. 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை அத்தகைய நாளாக இருந்தது. அன்று பிற்பகல் சுவிஸ் கூட்டாட்சி அரசு, கொரோனாத் தொற்றின் காரணமாக, 100 பேருக்கு மேற்பட்டோர் கூடும் நிகழ்வுகளை உடனடியாகத் தடைசெய்தது. மறுநாள் சனிக்கிழமை. மண்டபம் எடுத்து விழா ஒழுங்கு செய்திருந்த சங்கங்கள் நாடெங்கும் சில மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அந்த மாலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்கு கூறப்படும் சங்கம் விளக்கத்திற்காகக் கற்பனை செய்யப்பட்டது. அது அட்லிஸ்வில்லில் இயங்குகிறது. நிர்வாகசபையில் ஐவர். யாப்பின்படி கூட்டத்திற்கு ஏழு நாள் அறிவித்தல் வேண்டும், நிறைவெண் மூவர், வரவுசெலவுத் திட்டத்திற்கு வெளியே 2,000 பிராங் வரை செலவிட நிர்வாகசபைக்கு அதிகாரம் உண்டு. மார்ச் 14ஆம் நாள் சிறுவர் கலைவிழா நடைபெறவிருந்தது. 300 பேர் எதிர்பார்க்கப்பட்டனர். மண்டபக் கட்டணம் 3,800 பிராங் முன்னரே செலுத்தப்பட்டிருந்தது. அன்றிரவு 9 மணிக்குள் எழுத்தில் மறுமொழி கிடைத்தால், 600 பிராங் மேலதிகக் கட்டணத்துடன் செப்டெம்பர் 12ஆம் நாளுக்கு மாற்றித் தருவதாக மண்டப உரிமையாளர் கூறுகிறார். மறுமொழி இல்லையேல் 3,800 பிராங்கும் இழப்பு.

செயலாளர் மாலை 5.30 மணிக்கு ஐவருக்கும் மின்னஞ்சல் அனுப்பித் தொலைபேசியிலும் அழைக்கிறார். நால்வர் கிடைக்கின்றனர். ஐந்தாமவர் முதியோர் இல்லத்தில் மாலைப் பணியில் இருக்கிறார். அவரது தொலைபேசி அணைக்கப்பட்டுள்ளது. 7.40 மணிக்கு நால்வரும் தொலைபேசி வழியாகக் கூடுகின்றனர்.

நிறைவெண் மூவர், கூடியிருப்போர் நால்வர். ஆகவே கூட்டம் செல்லும் என்று பலர் கருதுவர். தவறு நிகழ்வது இவ்விடத்திற்றான். நிறைவெண் என்பது முறையாக அழைக்கப்பட்ட கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தாற் போதும் என்பதைச் சொல்லும் எண். அழைப்பில் உள்ள குறையை அது போக்காது. ஐந்தாமவருக்கு உரிய ஏழு நாளை மற்ற நால்வரும் சேர்ந்து விட்டுக்கொடுக்க முடியாது. அவர்களால் தத்தமது ஏழு நாளையே விட்டுக்கொடுக்க இயலும்.

ஆகவே அன்றைய கூட்டக்குறிப்பு, எந்த முடிவையும் எழுதுவதற்கு முன்னர், அழைப்பின் வரலாற்றை எழுத வேண்டும். அது பின்வருமாறு அமையலாம்:

"2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை மாலை 7.40 மணிக்குத் தொலைபேசி வழியாக நிர்வாகசபையின் அவசரக் கூட்டம் ஆரம்பமானது. தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் ஒருவர் ஆகிய நால்வர் பங்குபற்றினர். அவசரத்தின் காரணம்: இன்று பிற்பகல் அறிவிக்கப்பட்ட தடையும், மண்டப உரிமையாளர் விதித்த இரவு 9 மணிக் காலவரையறையும். அறிவித்தல் ஐவருக்கும் மாலை 5.30க்கு மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. பங்குபற்றாத உறுப்பினர் 5.35, 6.20, 7.30 மணிக்குத் தொலைபேசியில் அழைக்கப்பட்டார், தொடர்பு கிடைக்கவில்லை. பங்குபற்றிய நால்வரும், ஏழு நாள் அறிவித்தலுக்கான தமது உரிமையை, கீழ்க்காணும் இரு விடயங்களுக்கு மட்டும் விட்டுக்கொடுப்பதாக ஒவ்வொருவராகத் தெரிவித்தனர். எவரும் ஆட்சேபிக்கவில்லை. விடயம் 1: விழாவை ஒத்திவைத்தலும் 600 பிராங் செலுத்துதலும். விடயம் 2: நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தல்."

"இரு விடயங்களுக்கு மட்டும்" என்ற சொற்கள் இன்றியமையாதவை. கூட்டத்தின் நடுவே ஒருவர், இழப்பை ஈடுசெய்ய அங்கத்துவப் பணத்தை உயர்த்தலாம் என்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவ்விடயத்திற்கு எவரும் அறிவித்தல் காலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மேலும் அங்கத்துவப் பணம் பொதுச்சபைக்குரியது என யாப்பு வைத்திருந்தால், நிர்வாகசபை ஐவரும் ஒருமித்து இசைந்தாலும் பயனில்லை. தமது உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கலாம். சங்கத்தின் ஏனைய அங்கத்தவர்களுடைய உரிமையை விட்டுக்கொடுக்க அவர்கள் யார்? சட்டக்கோவையின் 67ஆம் உறுப்புரை, முறையாக முன்னறிவிக்கப்படாத விடயத்தில் முடிவெடுக்க யாப்பு வெளிப்படையாக அனுமதித்தாலன்றிப் பொதுச்சபைக்கே அதிகாரமில்லை என்கிறது. கூட்டமின்றி எழுத்து மூலம் பொதுச்சபையின் முடிவைப் பெற வேண்டுமாயின், 66ஆம் உறுப்புரையின்படி அங்கத்தவர் அனைவரும் எழுத்தில் இசைய வேண்டும்.

இனி ஐந்தாமவர். பணி முடிந்து இரவு 11 மணிக்கு மின்னஞ்சலைப் பார்க்கிறார். ஒத்திவைப்பதில் அவருக்கு உடன்பாடுண்டு. செப்டெம்பர் 12 என்ற நாள் பிடிக்கவில்லை. செயலாளர் அவருக்கு ஒரு படிவம் அனுப்புகிறார். அதில் இருக்க வேண்டியவை: கூட்டத்தின் நாளும் நேரமும், இரு விடயங்களும், "ஏழு நாள் அறிவித்தலுக்கான எனது உரிமையை இக்கூட்டத்தின் இவ்விரு விடயங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்" என்ற வாக்கியம், கையொப்பம், கையொப்பமிட்ட உண்மையான நாள். மார்ச் 14 அன்று கையொப்பமிட்டால் மார்ச் 14 என்றே எழுத வேண்டும். முதல் நாளின் திகதியை இடுவது, நேர்மையாக நடந்த கூட்டத்தையும் ஐயத்திற்கு உள்ளாக்கும்.

அறிவித்தல் காலத்தை விட்டுக்கொடுக்கும் இசைவு வேறு. தீர்மானத்திற்கு ஆதரவான வாக்கு வேறு. ஐந்தாமவர் முதலாவதைத் தந்து இரண்டாவதை மறுக்கலாம். அப்போது கூட்டம் கூட்டப்பட்ட முறை பற்றிய குறை நீங்குகிறது. வாக்கெடுப்பு நால்வர் ஆதரவு, எதிர்ப்பில்லை என்றே நிற்கும். கூட்டத்தில் இல்லாதவர் பின்னர் வந்து அந்த எண்ணிக்கையை மாற்ற இயலாது. நாள் பற்றிய அவரது மாற்றுக் கருத்து கூட்டக்குறிப்பின் கீழ் தனிக் குறிப்பாக இணைக்கப்படும். இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கி, "அனைவரும் சம்மதித்தனர்" என்று எழுதும் கூட்டக்குறிப்பு, எதற்குச் சம்மதித்தனர் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. பின்னாளில் எழும் பிணக்குகளுக்கு அத்தகைய வாக்கியம் இடங்கொடுக்கும்.

அவர் கையொப்பமிட மறுத்தால் என்ன? அப்போது ஏழு நாள் அறிவித்தலுடன் முறையான கூட்டமொன்றை அழைத்து, அதே இரு விடயங்களையும் மீண்டும் முன்வைத்து வாக்கெடுக்க வேண்டும். மண்டப ஒப்பந்தம், கையொப்ப அதிகாரம் உடையவர்களால் செய்யப்பட்டிருப்பின், பெரும்பாலும் சங்கத்தைப் பிணைக்கும். ஆனால் அந்த இடைக்காலத்தில், 600 பிராங்கை யார் அதிகாரத்தில் செலுத்தினீர்கள் என்று கையொப்பமிட்டவரைக் கேட்க இடமுண்டு. சங்கத்தின் முடிவொன்று சட்டத்தையோ யாப்பையோ மீறுவதாகக் கருதும் அங்கத்தவர், அதற்கு இசையாதவராயின், அறிந்த நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தை நாடலாம் என்று 75ஆம் உறுப்புரை கூறுகிறது. மீளவும் வாக்கெடுப்பதைத் தள்ளிப்போடலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிற நாடுகளும் இதே சிக்கலுக்கு விடை தேடியுள்ளன. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டம், இயக்குநர் சபைக் கூட்டத்திற்குக் குறைந்தது ஏழு நாள் அறிவித்தல் கோருகிறது. அவசர அலுவலுக்குக் குறுகிய அறிவித்தலில் கூடலாம். ஆனால் சுயாதீன இயக்குநர் ஒருவரேனும் பங்குபற்ற வேண்டும். அப்படி எவரும் பங்குபற்றாவிடின், முடிவுகள் எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்பப்பட்டு, சுயாதீன இயக்குநர் ஒருவரேனும் உறுதிப்படுத்திய பின்னரே இறுதியாகும். அமெரிக்காவின் டெலவெயார் மாநிலச் சட்டம், கூட்டத்திற்கு வந்தவர் அறிவித்தலை விட்டுக்கொடுத்தவராவார் என்கிறது. கூட்டம் முறையாக அழைக்கப்படவில்லை என்று ஆரம்பத்திலேயே ஆட்சேபிப்பதற்கென வந்தவருக்கு இது பொருந்தாது. ஆட்சேபிப்பவரின் சொல்லைக் கூட்டக்குறிப்பில் பதிய வேண்டியதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

பழைய கூட்டக்குறிப்புகளைப் பார்க்கும்போது குறையை எவ்வாறு கண்டறிவது? நேரங்களை ஒப்பிட வேண்டும். கூட்டம் 7.40க்கு ஆரம்பமானது என்று இருக்க, வங்கிக் கொடுப்பனவு 6.50க்குச் சென்றிருந்தால், முடிவு கூட்டத்திற்கு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. ஆண்டின் தொடக்கத்திலேயே வெற்றுப் படிவங்களில் கையொப்பம் வாங்கி வைக்கும் வழக்கமும் உண்டு. எந்தக் கூட்டம், எந்த விடயம் என்பதை அறியாமல் இட்ட கையொப்பம் எதனையும் விட்டுக்கொடுத்ததாகாது. தொலைபேசிக் குழுவில் இடப்பட்ட பெருவிரற் குறியும் அத்தகையதே. அது இசைவா, வாக்கா, செய்தி கிடைத்ததென்ற அடையாளமா என்று பின்னர் எவராலும் கூற முடியாது.

மொழியும் கவனத்திற்குரியது. பல சங்கங்களில் பெற்றோர் தமிழிற் பேசி முடிவெடுக்கின்றனர். இளையோர் அதனை ஜெர்மன் மொழியில் எழுதுகின்றனர். வங்கியோ மண்டப உரிமையாளரோ கேட்பது ஜெர்மன் கூட்டக்குறிப்பின் பிரதியையே. ஜெர்மன் படிவத்தின் பொருள் விளங்காத ஒருவரிடம் கையொப்பம் வாங்குமுன், அதே வாக்கியத்தைத் தமிழிலும் அதன் கீழ் எழுதிக் காட்ட வேண்டும். இரண்டிற்கும் வேறுபாடு வந்தால் எம்மொழிப் பிரதி செல்லும் என்பதை யாப்பு முன்கூட்டியே கூறியிருத்தல் நலம்.

யாப்பைத் திருத்தும் பொதுச்சபை அடுத்த முறை கூடும்போது, மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அவசர வேளையில் சில மணி நேர அறிவித்தல் போதுமா, அவ்வாறு எடுக்கப்படும் முடிவு எவ்வளவு தொகைக்கு உட்பட்டது, அடுத்த முறையான கூட்டத்தில் அது உறுதிப்படுத்தப்பட வேண்டுமா என்பவையே அவை. அவ்வரிகள் இருந்திருப்பின், ஐந்தாமவரின் கையொப்பத்திற்காக அந்த இரவு எவரும் காத்திருக்க வேண்டி வந்திராது.