தொலைந்த வேலை 150 ஜூலா, 200 ஜூலா?



கார்னோ இயந்திரத்தை நடத்தி முடித்ததும் கூர்மையான மாணவர் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: "ஐயா, வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் போனால் ஒரு ஜூல்கூடக் குறைவதில்லையே. பிறகு எதை இழந்தோம் என்கிறீர்கள்?"

கரும்பலகையில் மூன்று வெப்பநிலைகளை எழுதிக்கொள்வோம். வெப்ப மூலம் 500 கெல்வின், ஒரு பெரிய வெப்பத் தேக்கி 400 கெல்வின், சுற்றுப்புறம் 300 கெல்வின். மூலத்திலிருந்து உலோகத் தண்டு வழியாக 1000 ஜூல் வெப்பம் தேக்கிக்குப் போகிறது.

அந்த 1000 ஜூல் மூலத்தில் இருந்தபோது, சுற்றுப்புறத்தை ஏற்பியாகக் கொண்ட மீள் இயந்திரம் அதிலிருந்து 1000 × (1 − 300/500), அதாவது 400 ஜூல் வேலை எடுத்திருக்கும். இதுவே அதன் பயன்படத்தக்க ஆற்றல். தேக்கிக்குப் போன பிறகு 1000 × (1 − 300/400), வெறும் 250 ஜூல்தான். அளவு மாறவில்லை; 150 ஜூல் வேலை தொலைந்துவிட்டது.

இங்கேதான் நல்ல மாணவர்களும் வழுக்குகிறார்கள். 500-க்கும் 400-க்கும் இடையே கார்னோ இயந்திரம் வைத்தால் 200 ஜூல் கிடைக்குமே, ஆகவே இழப்பு 200 என்பார்கள். தவறு என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். அந்த 200 உண்மைதான். ஆனால் இயந்திரம் 200 ஜூலை வேலையாக எடுத்துவிட்டால், தேக்கிக்கு 800 ஜூல் மட்டுமே வரும். அதிலிருந்து பின்னர் 200 ஜூல் வேலை பெறலாம், மொத்தம் 400. தண்டு வழியே முழு 1000 ஜூலும் வந்ததால் தேக்கியில் 250 கிடைக்கிறது. அதாவது விட்டுப்போன 200-ல் 50-ஐப் பின்னர் மீட்க முடிகிறது. மீட்க முடியாதது 150.

என்ட்ரோபியை வைத்துச் சரிபார்க்கலாம். மூலம் இழந்தது 1000/500 = 2 ஜூல்/கெல்வின்; தேக்கி பெற்றது 1000/400 = 2.5. புதிதாகப் பிறந்த 0.5-ஐச் சுற்றுப்புற வெப்பநிலை 300-ஆல் பெருக்கினால் அதே 150. இதைத்தான் கூய்–ஸ்டோடோலா தேற்றம் என்கிறோம். இரு பக்கமும் வெப்பநிலை மாறாதிருக்கும்வரை இந்த எளிய கணக்கு போதும். சூடான இரும்புத் துண்டு ஆறுவதுபோன்ற நிகழ்வுக்குத் தொகையிடல் வேண்டும்.

வேறுபாடு எவ்வளவு என்பதோடு, அது எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். 500-லிருந்து 490-க்கு 1000 ஜூல் இறங்கினால் இழப்பு ஏறத்தாழ 12 ஜூல். அதே 10 கெல்வின் வேறுபாடு 100-க்கும் 90-க்கும் இடையே இருந்தால் ஏறத்தாழ 333 ஜூல்! காற்றைத் திரவமாக்கும் ஆலைகளின் வெப்பப் பரிமாற்றிகளில் வேறுபாட்டைச் சில கெல்வினுக்குள் அடக்கப் பாடுபடுவது இதனால்தான். வேறுபாட்டைப் பாதியாக்கினால், அதே வேகத்தில் வெப்பம் கடக்க ஏறக்குறைய இருமடங்கு பரப்பு தேவைப்படும்; அந்த உலோகத்தின் விலையையும் தொலையும் வேலையின் விலையையும் ஒப்பிட்டுத்தான் பொறியாளர் வேறுபாட்டை முடிவு செய்கிறார்.