சீலைப் பார்த்து வாங்குவோம், நிமிர்த்தி வைப்போம்
(தெஹிவளையில் கூடிய நமது உறுப்பினர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்து லயத்தில் இருப்பவர்களும், தெஹிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்துகொண்டு வாடகை அறையில் இருப்பவர்களும் இங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு சாமானைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அது கேஸ் சிலிண்டர். விறகு அடுப்பை நாம் தலைமுறை தலைமுறையாக அறிவோம். கேஸை அப்படி யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. கடைக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், நாம் பற்றவைத்தோம், அவ்வளவுதான்.

2021ஆம் ஆண்டு கடைசியில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நவம்பர் 20ஆம் திகதி காலையில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் கட்டடத்தில் கேஸ் வெடித்தது. அதற்குப் பிறகு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கேஸ் வெடித்தது, கண்ணாடி மேல்தட்டுள்ள குக்கர் சிதறியது என்று செய்தி வந்தபடி இருந்தது. ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அதற்குத் தலைமை தாங்கினார். சிலிண்டருக்குள் இருந்த கலவையின் விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று அந்தக் குழு சொன்னது.

கலவை என்றால் என்ன? சிலிண்டருக்குள் இருப்பது ஒரு பொருள் அல்ல. புரொப்பேன், பியூட்டேன் என்று இரண்டு. இரண்டும் அழுத்தத்தில் திரவமாகி உள்ளே கிடக்கின்றன. கொழும்புச் சூட்டில் புரொப்பேன் தள்ளும் வேகம் பியூட்டேனைப் போல மூன்று மடங்குக்கும் மேல். புரொப்பேன் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். சிலிண்டர் அதைத் தாங்கும். அது தடித்த இரும்பு. ஆனால் வாயில் இருக்கிற சின்ன இரப்பர் வாசர், தேய்ந்த ரெகுலேட்டர், காய்ந்து வெடித்த ஹோஸ் தாங்காது. பழைய கலவையில் ஒழுகாமல் சமாளித்த இணைப்பு, புதிய கலவையில் ஒழுகத் தொடங்கும்.

கலவையைத் தீர்மானிப்பவர்கள் கம்பனிக்காரர்கள். அதை நாம் சமையலறையில் சோதிக்க முடியாது. அதனால் அந்தப் பழி நம்முடையது அல்ல. ஆனால் ஒழுகல் எந்த இடத்தில் வரும் என்பது நமக்குத் தெரியும்: சிலிண்டரின் வாய், ரெகுலேட்டர், ஹோஸ். அந்த மூன்றையும் நாமே பார்க்கலாம்.

எவ்வளவு ஒழுகினால் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா, உயரம் எட்டடி என்று வைத்துக்கொள்வோம். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே அது தீப்பிடிக்கும். அந்த அளவுக்கு இந்தக் காம்பரா முழுவதும் நிறைய, ஒரு கிலோவுக்குச் சற்று மேலே கேஸ் போதும். நாம் வாங்கும் பெரிய சிலிண்டரில் இருப்பது 12.5 கிலோ. அதாவது பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. உண்மையில் அதைவிடக் குறைவே போதும். ஏனென்றால் இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தண்ணீரைப் போலத் தரையில் படர்ந்து கட்டிலுக்கு அடியிலும் கானுக்குள்ளும் தேங்கும். நிற்கிறவர் மூக்குக்கு வாசம் எட்டும் முன்னே, தரையில் எரியும் கொசுவர்த்திக்கு அது எட்டிவிடும்.

வாசத்தை மட்டும் நம்பவும் முடியாது. கேஸுக்குச் சொந்தமாக வாசம் கிடையாது. ஒழுகினால் தெரியட்டும் என்று நாற்றமுள்ள ஒரு மருந்தைக் கலக்கிறார்கள். அது போதிய அளவில் இல்லை என்று கப்பலில் வந்த கேஸை இறக்கவிடாத சம்பவமும் அந்த டிசம்பரில் நடந்தது. அதனால் மூக்கோடு கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

இப்போது சிலிண்டர் வாசலுக்கு வருகிறது. கடைக்காரப் பையன் அவசரப்படுவான். அவனை ஐந்து நிமிடம் நிறுத்தி வைப்போம். காசு அதற்குப் பிறகு.

முதலில் சீல். வாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழியாமல், ஒட்டுப் போடாமல், கம்பனிப் பெயரோடு இருக்க வேண்டும். கையால் சுழற்றினால் கழன்று வருகிற சீல் சீல் அல்ல. இரண்டாவது நிறை. வெறும் சிலிண்டரின் நிறை அதிலேயே பொறித்திருக்கும். அதோடு 12.5ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், தராசில் அந்தக் கணக்கு வர வேண்டும். குறைந்தால், யாரோ எடுத்திருக்கலாம், அல்லது வழியில் ஒழுகியிருக்கலாம். இரண்டும் நமக்கு வேண்டாம். மூன்றாவது உடம்பு. அடிவளையம் நெளிந்து ஆடுகிறதா, ஆழமான பள்ளமோ துரு தின்ற இடமோ இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்போம்.

பிறகு பையன் நிற்கும்போதே, வெளியில் வைத்து, சீலையும் மூடியையும் எடுத்துவிட்டு, வாய்க்குள் பார்ப்போம். உள்ளே கறுப்பு இரப்பர் வாசர் முழுதாக, வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீரை நுரைக்கக் கலக்கி, வாயில் சில துளிகள் விடுவோம். நுரை அசையாமல் கிடந்தால் நல்லது. குமிழ் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தால் அது ஒழுகுகிறது. உடனே மூடியைப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். "எல்லாச் சிலிண்டரும் இப்படித்தான் அக்கா, ரெகுலேட்டரைப் போட்டால் நின்றுவிடும்" என்பார்கள். நிற்காது. மாற்றித்தர மறுத்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழைத்துச் சொல்லலாம். கடைப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்தது எப்படி வைப்பது என்பது. எப்போதும் நிமிர்த்தித்தான். நிமிர்ந்து நிற்கும்போது திரவம் கீழே, ஆவி மேலே, வாய் ஆவிப் பக்கம். படுக்க வைத்தால் திரவம் வாய்க்கு வந்துவிடும். ரெகுலேட்டர் ஆவிக்காகச் செய்தது. திரவத்தை அதனால் அடக்க முடியாது. ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லீற்றர் கேஸாக விரியும். குக்கரில் சுவாலை ஆள் உயரத்துக்கு எழும்புவது அப்படித்தான். ஓட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

மலையகத்தில் வேறொரு பழக்கம் உண்டு. நுவரெலியாக் குளிரில் விடியற்காலையில் பியூட்டேன் சோம்பிப் போகும், சுவாலை இறங்கிவிடும். கேஸ் முடியப் போகிறது என்று நினைத்துச் சிலிண்டரைச் சரிக்கிறோம், குலுக்குகிறோம், சுடுதண்ணீர் ஊற்றுகிறோம், விறகடுப்புப் பக்கம் நகர்த்துகிறோம். இவற்றில் எதையும் செய்யாதீர்கள். வெயில் ஏறினால் அழுத்தம் தானாக வரும். அதுவரை விறகடுப்பே போதும்.

சிலிண்டரைக் குக்கரின் மட்டத்துக்குக் கீழே, தட்டையான தரையில், காற்று வந்துபோகும் இடத்தில் வைப்போம். பூட்டிய அலுமாரி, கட்டிலடி, கான் வாய், படியின் கீழ் மூலை வேண்டாம். தெஹிவளையில் ஒரே அறையில் சமைத்துப் படுப்பவர்கள் அதைத் தலைமாட்டில் வைக்காமல் ஜன்னல், கதவுப் பக்கம் வையுங்கள். லயத்தில் விறகடுப்பும் கேஸ் குக்கரும் அடுத்தடுத்து இருந்தால், சிலிண்டரை அடுப்பிலிருந்து முடிந்தவரை தள்ளி, இடையில் தடுப்பு இருக்கும்படி வையுங்கள்.

கடைசியாக ரெகுலேட்டர். முதலில் குக்கரின் எல்லாத் திருகையும் மூடுவோம். விறகடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாவற்றையும் அணைப்போம். கதவையும் ஜன்னலையும் திறப்போம். பழைய சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடி, கழற்றி, அதன் வாய்க்கு மூடி போடுவோம். காலிச் சிலிண்டரிலும் கேஸ் மிச்சம் இருக்கும். அதற்கும் மூடி வேண்டும், அதுவும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

புதியதன் மேல் ரெகுலேட்டரை நேராக இறக்கி, அமுக்கி, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை பூட்டுவோம். பூட்டியபின் மெல்ல மேலே இழுத்துப் பார்ப்போம்; கழன்று வரக்கூடாது. வலுக்கட்டாயமாக அமுக்கினால்தான் போகிறது என்றால் அது பொருந்தாத ரெகுலேட்டர். கம்பனி மாறிச் சிலிண்டர் வாங்கினால், அந்த வாய்க்கென்று செய்த ரெகுலேட்டரைத்தான் போட வேண்டும். துணி சுற்றுவதும், இரப்பர்ப் பட்டி கட்டுவதும் ஒழுகலைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர, நிறுத்தாது.

இப்போது ரெகுலேட்டரைத் திறந்து, குக்கரைப் பற்றவைக்காமல், மூன்று இடத்தில் சவர்க்காரத் தண்ணீர் விடுவோம்: சிலிண்டர் வாயும் ரெகுலேட்டரும் சேரும் இடம், ரெகுலேட்டரும் ஹோஸும் சேரும் இடம், ஹோஸும் குக்கரும் சேரும் இடம். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. ஹோஸின் இரண்டு முனையிலும் இறுக்கி இருக்க வேண்டும். கம்பியால் முறுக்கிக் கட்டுவது போதாது. ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். தெரியாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ரெகுலேட்டரின் திருகு இறுகிப்போனாலும், மூடிய பிறகும் சுவாலை அணையாவிட்டாலும், அதைப் பழுதுபார்க்க வேண்டாம், புதிதாக வாங்குங்கள். இரவில் குக்கரை மட்டுமல்ல, ரெகுலேட்டரையும் மூடிவிட்டுப் படுப்போம்.

வாசம் வந்துவிட்டால்? லைட்டைப் போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். மின்விசிறியைத் தொடக்கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, வெளியில் நின்றுதான் போனை எடுக்க வேண்டும். கொழும்பில் தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990. பக்கத்து அறைக்காரருக்கும், பக்கத்துக் காம்பராக்காரருக்கும் குரல் கொடுங்கள். லயத்தில் ஒரு வீட்டுக் கேஸ் இஸ்தோப்பு வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும்.

வீட்டு வேலைக்குப் போகும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. துரைமார் வீட்டுக் குக்கரில் ஒழுகினாலும் முதலில் காயப்படுவது அங்கே நிற்கிற நீங்கள்தான். ஹோஸ் வெடித்திருந்தால் நோனாவிடம் தயங்காமல் சொல்லுங்கள். மாற்றும்வரை பற்றவைக்க முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொன்னதற்காக வேலையில் தொல்லை வந்தால் சங்கத்திடம் வாருங்கள்.

கூட்டம் முடிந்ததும் வெளி முற்றத்தில் ஒரு சிலிண்டரும் ஒரு கோப்பை சவர்க்காரத் தண்ணீரும் வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் ஒருமுறை ரெகுலேட்டரைக் கழற்றிப் பூட்டிவிட்டுப் போங்கள்.